தெருமுனை புரோக்கரா, கமிஷன் இல்லாத செயலியா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மாதம் 15,000 ரூபாய்க்கு மூன்று பங்குகளாகப் பிரித்து வாங்கி, பல வருடம் வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் தெருமுனையில் இருக்கும் புரோக்கர் 50 பைசா கமிஷன் என்கிறார். நண்பர்களோ கமிஷனே இல்லாத செயலியைச் சொல்கிறார்கள். எனக்குக் கார்வி விவகாரம்தான் மனதில் நிற்கிறது. புரோக்கர் மூழ்கினால் என் பணமும் பங்கும் என்னவாகும்? எதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது? (வாசகர், ஈரோடு)

பதில்: கார்வியிலிருந்தே தொடங்குவோம். அங்கே என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால், புரோக்கரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

கார்வி ஸ்டாக் புரோக்கிங், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் முறையாகப் பதிவுபெற்ற நிறுவனம். நாடு முழுக்கக் கிளைகள் இருந்தன. வாடிக்கையாளர்கள் கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திட்டுக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளைத் தன் பெயரிலிருந்த டீமேட் கணக்குக்கு மாற்றி, வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் அடகு வைத்துக் கடன் வாங்கியது. சுமார் 95,000 பேருடைய, ஏறத்தாழ 2,300 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகள் இப்படிப் போயின. 2019 நவம்பர் 22 அன்று செபி இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த சில நாட்களிலேயே சுமார் 83,000 பேருக்கு அவர்களுடைய பங்குகளை, பங்குகளை மின்னணு ஏட்டில் வைத்திருக்கும் டெபாசிட்டரியான என்எஸ்டிஎல் திருப்பி மாற்றிக் கொடுத்தது. 2023-ல் கார்வியின் பதிவே ரத்தானது.

அந்த மாதங்களில் கார்வியின் இணையதளத்தைத் திறந்து பார்த்த வாடிக்கையாளருக்குத் தன் பங்குகள் அப்படியே இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். புரோக்கரின் திரை காட்டுவது புரோக்கர் எழுதும் கணக்கு. பங்கு உண்மையில் எங்கே இருக்கிறது என்பது டெபாசிட்டரியின் ஏட்டில், அதாவது என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்லில் இருக்கிறது. இரண்டு ஏட்டையும் ஒத்துப் பார்ப்பது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டிய வேலையல்ல. வங்கி பாஸ் புத்தகத்தையும் அலுவலகப் பேரேட்டையும் மாதாமாதம் ஒத்துப் பார்ப்பவர் நீங்கள்.

ஆகவே செபி பதிவு என்பது வாசல் மட்டும்தான். அதைப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. பார்த்துவிட்டதாலேயே நிம்மதியும் அடைய முடியாது. பங்குத் தரகரின் பதிவு எண் INZ என்ற எழுத்துகளில் தொடங்கி ஒன்பது இலக்கங்களோடு முடியும். INA என்றால் முதலீட்டு ஆலோசகர், INH என்றால் ஆய்வாளர். இந்த இரண்டு எண்களைக் காட்டி யாராவது வர்த்தகக் கணக்குத் திறந்து தருகிறேன் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணை அவர்கள் தரும் சான்றிதழின் படத்தில் பார்க்காமல், sebi.gov.in தளத்தில் பதிவுபெற்ற இடைத்தரகர்கள் பட்டியலில் நீங்களே தேடி, நிறுவனத்தின் பெயர், முகவரி, இணையதள முகவரி மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரிய புரோக்கரின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலிச் செயலி நடத்துபவர்கள் மாட்டுவது இணையதள முகவரியில்தான்.

உங்கள் தெருமுனைக்காரர் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். அவர் பெரும்பாலும் புரோக்கராக இருக்க மாட்டார். ஏதோ ஒரு புரோக்கரின் அங்கீகரிக்கப்பட்ட நபராக இருப்பார். பழைய சப்-புரோக்கர் என்ற வகையை 2019-லேயே செபி எடுத்துவிட்டது. யாருடைய நபர் என்று கேட்டு, என்எஸ்இ அல்லது பிஎஸ்இ தளத்தில் அந்தப் புரோக்கரின் கீழ் இவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எடைபோட வேண்டியது அந்தப் பெரிய புரோக்கரைத்தான். இவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் பணம் இவர் கணக்குக்குப் போகக் கூடாது. ரொக்கமாகவோ, இவர் பெயருக்குக் காசோலையாகவோ, இவருடைய ஜிபே எண்ணுக்கோ கொடுத்தால் அது பங்குச் சந்தை விதிகளுக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலாகிவிடும். பின்னால் புகார் செய்யும்போது கையில் ஒன்றும் இருக்காது. இன்னொன்று, கணக்குப் படிவத்தில் உங்கள் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். "ஓடிபி தொல்லை வேண்டாம், நம்ம நம்பரைப் போட்டுக்கலாம்" என்று உதவியாகச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் சந்தையிலிருந்தும் டெபாசிட்டரியிலிருந்தும் வரும் எச்சரிக்கை எல்லாம் அவருக்குத்தான் போகும்.

இனி முக்கியமான இடம்: பணம் போகும் வழி. கார்விக்குப் பிறகு விதிகள் நிறைய மாறின. நீங்கள் அனுப்பும் ரூபாய் முதலில் புரோக்கரின் வாடிக்கையாளர் வங்கிக் கணக்கு ஒன்றில் விழுகிறது. அந்தக் கணக்கின் பெயரிலேயே புரோக்கரின் பெயரோடு USCNB என்ற எழுத்துகள் இருக்கும். புரோக்கரின் சொந்தச் செலவுக் கணக்கிலிருந்து அது தனி. 2023-ல் வந்த விதிப்படி, வாடிக்கையாளர் பணம் முழுவதையும் புரோக்கர் தன்னிடம் தங்கவிடாமல் சந்தை வணிகங்களின் பணத்தையும் பங்கையும் தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அன்றன்றே ஏற்றிவிட வேண்டும். ரொக்கமாகவோ, வைப்பு நிதி ரசீதின் மேல் பற்றுரிமையாகவோ, ஓவர்நைட் ஃபண்ட் யூனிட்டுகளின் அடகாகவோ அது அங்கே போய்ச் சேரும். பணம் உங்களுக்குத் திரும்பும்போது DSCNB என்று முடியும் வேறொரு கணக்கிலிருந்து வரும். வங்கி அறிக்கையில் இந்த இரண்டு பெயர்களைப் பார்த்தால் பணம் சரியான பாதையில் நடக்கிறது என்று பொருள்.

யூபிஐ வழியாக அனுப்பினால் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. 2025 அக்டோபர் முதல் புரோக்கர்களுக்குச் சரிபார்க்கப்பட்ட யூபிஐ முகவரி வழங்கப்படுகிறது. அதில் புரோக்கர் பெயரை அடுத்து `.brk` என்றும், அதன் பிறகு `@valid` என்பதோடு வங்கியின் பெயரும் இருக்கும். வங்கிக் கணக்கு எண்ணோ யூபிஐ முகவரியோ உண்மையானதா என்பதைச் செபியின் SEBI Check வசதியில், முதல் முறை பணம் அனுப்புவதற்கு முன் போட்டுப் பார்க்கலாம்.

புரோக்கரிடம் பணமே கொடுக்காமல் வாங்கும் வழியும் இருக்கிறது. வங்கி சார்ந்த புரோக்கர்கள் தரும், சேமிப்பு, வர்த்தகம், டீமேட் மூன்றும் சேர்ந்த கணக்கில் பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருந்து, பங்கு வாங்கும்போது மட்டும் கழியும். செபி தகுதிபெற்ற பங்குத் தரகர்கள் என்று பட்டியலிட்டிருக்கும் பெரிய புரோக்கர்கள் இந்த வசதியையோ, ஐபிஓவுக்குச் செய்வதுபோல் யூபிஐயில் பணத்தை முடக்கி வைத்து வாங்கும் வசதியையோ தர வேண்டும் என்று 2025 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. மாதம் ஒருமுறை மட்டும் வாங்கும் உங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். இது வேண்டாம் என்றால், வாங்குகிற அன்று தேவையான தொகையை மட்டும் அனுப்புங்கள். புரோக்கரிடம் சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டியும் கிடையாது.

அப்படியே கொஞ்சம் தங்கினாலும், மாதக் கணக்கு அல்லது காலாண்டுக் கணக்கு என்று நீங்கள் தேர்ந்தெடுத்தபடி, உபரிப் பணத்தைப் புரோக்கர் உங்கள் வங்கிக்குத் திருப்பியாக வேண்டும். சந்தைகள் வெளியிடும் அட்டவணைப்படி அது மாதத்தின் அல்லது காலாண்டின் முதல் வெள்ளி, சனியில் நடக்கும். கேட்காமலே பணம் வங்கிக்கு வந்துவிட்டதே என்று சிலர் பதறுவதுண்டு. அது இந்த விதி வேலை செய்வதன் அடையாளம். வரவே இல்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும். கணக்குத் தொடங்கும்போது மாதக் கணக்கையே தேர்ந்தெடுங்கள்.

பங்குகள் பக்கம் பாதை இன்னும் குறுகலானது. முன்பு வாங்கிய பங்கு புரோக்கரின் பொதுக் கணக்கில் வந்து இறங்கி, அங்கிருந்து உங்களுக்கு வந்தது. கார்வி போன்ற கதைகளுக்கு இடம் கொடுத்தது இந்த இடைத்தங்கல்தான். 2025 முதல் கிளியரிங் கார்ப்பரேஷன் நேரே உங்கள் டீமேட் கணக்கில் போடுகிறது. பவர் ஆஃப் அட்டர்னியின் இடத்தில் இப்போது டிடிபிஐ என்ற குறுகிய அதிகாரப் பத்திரம் இருக்கிறது. விற்ற பங்கை ஒப்படைப்பது, மார்ஜினுக்கு அடகு வைப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் அது செல்லும். அதுவும் கட்டாயமில்லை. கணக்குத் திறக்கும் திரையில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டிடிபிஐ இல்லாவிட்டால் விற்கும் ஒவ்வொரு முறையும் டெபாசிட்டரியின் ரகசிய எண்ணான டி-பின்னும் ஓடிபியும் போட வேண்டியிருக்கும். வருடத்துக்கு நாலு முறை விற்பவருக்கு அது ஒரு சிரமமா?

இந்தப் பாதுகாப்பையெல்லாம் நீங்களே கழற்றிவிடக்கூடிய ஓர் இடம் உண்டு: எம்டிஎஃப் எனும் மார்ஜின் கடன். பல செயலிகளில் வாங்கும் திரையில், முழுப் பணமும் கொடுத்து வாங்கும் டெலிவரிக்குப் பக்கத்திலேயே எம்டிஎஃப் பொத்தான் இருக்கும். 15,000 ரூபாய்ப் பங்குக்கு "5,000 போதும்" என்று காட்டும். அதை அழுத்தினால் மீதி 10,000 புரோக்கர் தரும் கடன். 15 சதவீத வட்டி என்று வைத்தாலும் நாளுக்கு நாலு ரூபாய்க்கு மேல் ஓடும். வாங்கிய பங்கு புரோக்கரிடம் அடகில் இருக்கும். விலை இறங்கினால் அவரே விற்றுவிடலாம். மூன்று மாதம் கழித்துப் பேரேட்டைப் பார்த்து "கமிஷன் இல்லை என்றார்களே, இது என்ன பிடித்தம்?" என்று கேட்பவர்களில் பலர் இந்தப் பொத்தானை அழுத்தியவர்கள். முதல் நாளே அமைப்புகளுக்குள் போய் எம்டிஎஃப் வசதியை அணைத்துவிடுங்கள்.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கிறேன். மாதம் 5,000 வீதம் மூன்று ஆர்டர், வருடத்துக்கு 36 ஆர்டரில் 1,80,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். வருடத்தில் நாலு பங்குகளை மொத்தம் 60,000 ரூபாய்க்கு விற்பதாக வைப்போம்.

யாரிடம் போனாலும் மாறாதவை உண்டு. வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், ஆக 240 ரூபாய். வாங்குவதற்கு மட்டும் முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 27 ரூபாய். சந்தைக் கட்டணம் லட்சத்துக்கு ஏறத்தாழ 3 ரூபாய். செபி கட்டணமும் இவற்றின் ஜிஎஸ்டியும் சேர்த்து எல்லாமாக 275 ரூபாயை ஒட்டி வரும். 'முற்றிலும் இலவசம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இந்த 275-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

மாறுவது தரகு. 50 பைசா என்றால் நூறு ரூபாய்க்கு 50 பைசா. 2,40,000 ரூபாய் வணிகத்துக்கு 1,200, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216, மொத்தம் 1,416 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் செயலியில் 40 ஆர்டருக்கு 800, ஜிஎஸ்டியோடு 944. டெலிவரிக்குத் தரகே இல்லாத செயலியில் பூஜ்யம். இவற்றோடு, விற்கும்போது டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறுவதற்கு, ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை டிபி கட்டணம் உண்டு. செயலிகளில் வரியோடு சேர்த்து பெரும்பாலும் 15 முதல் 25 ரூபாய்க்குள், முழுச்சேவைப் புரோக்கர்களிடம் கொஞ்சம் கூடுதல். நூறு பங்கை ஒரே நாளில் விற்றாலும் ஒரு கட்டணம்தான். பத்துப் பத்தாகப் பத்து நாள் விற்றால் பத்துக் கட்டணம்.

ஆக, உங்கள் அளவில் தெருமுனைக்காரருக்கும் இலவசச் செயலிக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 1,500 ரூபாயை ஒட்டி. படிவம் நிரப்ப, நாமினி மாற்ற, போனஸ், ரைட்ஸ் வந்தால் விளக்கம் கேட்க ஓர் ஆள் தேவை என்றால் அது அநியாய விலை அல்ல. ஆனால் 50 பைசா கல்வெட்டு இல்லை. 20, 25 பைசாவுக்குப் பேரம் பேசலாம். அதைக் கட்டணப் பட்டியலில் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பட்டியலிலேயே குறைந்தபட்சத் தரகு என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்டருக்குக் குறைந்தது 50 ரூபாய் என்றிருந்தால், உங்கள் 5,000 ரூபாய் ஆர்டருக்கு 50 பைசா என்பது ஒரு ரூபாயாகிவிடும். சில இடங்களில் குறைந்தபட்சத்தைப் பங்கு ஒன்றுக்கு இத்தனை பைசா என்று வைத்திருப்பார்கள். எட்டு, பத்து ரூபாய்ப் பங்குகளில் அது கடிக்கும்.

ஆர்டருக்கு 20 ரூபாய் என்பதும் எப்போதும் மலிவில்லை. 4,000 ரூபாய் ஆர்டரில் 20 ரூபாயும் 50 பைசாவும் சமம். அதற்குக் கீழே போனால் 20 ரூபாய்தான் விலை அதிகம். 1,500 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கி 20 ரூபாய் கொடுத்தால் 1.33 சதவீதம் போச்சு. "20 ரூபாய் அல்லது இத்தனை சதவீதம், எது குறைவோ அது" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'எது குறைவோ' என்பது 'எது அதிகமோ' என்று மாறியிருக்கும் பட்டியல்களும் உண்டு.

டீமேட் ஆண்டுக் கட்டணத்தை உங்களைப் போன்ற தொடக்கக்காரர்கள் கொடுக்கவே தேவையில்லை. உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்கு இருந்து, அதிலுள்ள மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அடிப்படைச் சேவைக் கணக்காக அது இலவசம்; 4 முதல் 10 லட்சம் வரை வருடம் 100 ரூபாய். 2024 செப்டம்பர் முதல் இந்த வரம்பு. நண்பர்கள் சொல்கிறார்களே என்று இரண்டு மூன்று செயலிகளில் கணக்குத் திறந்தால் இந்தச் சலுகை போய்விடும். பழைய டீமேட் எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை மூடுங்கள்.

செயலியின் நம்பகத்தன்மைக்கு நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. காலை 9.15-க்குச் செயலி திறக்கவில்லை என்றால் இன்ட்ராடே, ஆப்ஷன் வணிகம் செய்பவருக்கு அது நஷ்டம். உங்களுக்கு மதியம் வாங்கினாலும் ஒன்றும் குடிமுழுகாது. பங்கு டெபாசிட்டரியில் இருக்கிறது; செயலி விழுந்தால் பங்கு விழுவதில்லை. சந்தையே நின்றுபோன நாளும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ காலை 11.40-க்கு நின்று, மாலை 3.45-க்குத்தான் மீண்டும் திறந்து ஐந்து மணி வரை நடந்தது. எந்தப் புரோக்கராலும் அதைத் தவிர்க்க முடியாது. பிஎஸ்இயிலும் வணிகம் செய்யும் வசதி உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பொருந்தும் பலவீனம் வேறொன்று. 'இந்த விலைக்கு வந்தால் வாங்கு' என்று மாதக்கணக்கில் போட்டு வைக்கும் ஜிடிடி ஆர்டர் சந்தையில் காத்திருப்பதில்லை. புரோக்கரின் சர்வரில் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் சர்வர் தடுமாறினால் ஆர்டர் சந்தைக்கே போகாது. போட்டுவிட்டோம் என்று மறந்துவிடாதீர்கள். புரோக்கரின் கணினி அமைப்பு முழுவதுமே முடங்கினால் இருக்கட்டும் என்று, சந்தைகள் சேர்ந்து நடத்தும் ஐஆர்ஆர்ஏ என்ற தளம் 2023 அக்டோபரில் வந்தது. இருக்கும் பொசிஷனை மூடவும் நிலுவை ஆர்டரை ரத்து செய்யவும் மட்டும் அது பயன்படும்; புதிதாக வாங்க முடியாது.

தேர்ந்தெடுத்த பிறகு முழுத் தொகையோடு இறங்காமல் ஒரு வாரச் சோதனை வையுங்கள். 3,000 ரூபாய் அனுப்புங்கள். வங்கி அறிக்கையில் USCNB பெயர் வந்ததா? ஒரு பங்கை டெலிவரியாக வாங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் காண்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வர வேண்டும். அதில் தரகு, வரி ஒவ்வொன்றையும் மேலே போட்ட கணக்கின்படி சரிபாருங்கள். அடுத்த வேலைநாள் முடிவில் பங்கு டீமேட்டுக்கு வந்திருக்கும். அதைச் செயலியில் பார்க்காமல், சிடிஎஸ்எல்லின் ஈஸி அல்லது என்எஸ்டிஎல்லின் ஐடியாஸ் தளத்தில் நேரடியாக நுழைந்து பாருங்கள். அடகு என்ற பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். பிறகு அந்தப் பங்கை விற்று, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கேட்ட ஒரு வேலைநாளுக்குள் வங்கிக்கு வர வேண்டும். பணம் உள்ளே போவது எல்லாப் புரோக்கரிடமும் வேகமாகத்தான் நடக்கும். வெளியே வருவதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். கார்வியிலும் உத்தரவு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே பணம் திரும்ப வருவதில் தாமதம் என்ற புகார்கள் இருந்தன.

அதன் பிறகு மாதம் பத்து நிமிட வேலை. புரோக்கர் உங்கள் பெயரில் எவ்வளவு பணமும் பங்கும் இருப்பதாகச் சந்தைக்குத் தெரிவித்தார் என்று என்எஸ்இயிலிருந்து குறுஞ்செய்தி வரும். டெபாசிட்டரியிலிருந்து ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வரும். இவை இரண்டையும் புரோக்கரின் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். கணக்குத் தீர்க்கும் நாளை ஒட்டி ஓரிரு நாள் வித்தியாசம் வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் நீடித்தாலோ, நீங்கள் அடகு வைக்காத பங்கு அடகில் தெரிந்தாலோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல், புரோக்கரின் குறைதீர் மின்னஞ்சலுக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் திருப்தியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியுங்கள். அங்கே 21 நாளில் பதில் தர வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் smartodr.in வழியாகச் சமரசமும் நடுவர் தீர்ப்பும் கேட்கலாம். அதோடு, பங்குகளை அங்கேயே விட்டுவைக்காதீர்கள். கணக்குத் தொடங்கும்போதே டெலிவரி இன்ஸ்ட்ரக்‌ஷன் சீட்டுப் புத்தகம் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருந்தால், செயலி திறக்காத நாளிலும் அதை நிரப்பிக் கொடுத்து வேறொரு டீமேட்டுக்கு மாற்றிவிடலாம்.

புரோக்கர் கடனைக் கட்டத் தவறியவர் என்று சந்தை அறிவித்துவிட்டால், முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கோரிக்கை வைக்கலாம். அதற்கு உச்சவரம்பும் உண்டு, கெடுவும் உண்டு. சந்தையில் நடந்த வணிகத்தில் வர வேண்டிய பணத்துக்கும் பங்குக்கும்தான் அது. மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று சொல்லி புரோக்கரோ அவருடைய நபரோ தனியாக வாங்கிய பணத்துக்கு அந்த நிதியிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது.